டிவைடிங் மெஸ் கணக்கு: ஒரு மாணவருக்கு ஒரு நாள் செலவு எவ்வளவு?

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் மெஸ் இரண்டு வகையாக நடக்கிறது. ஒன்று கான்ட்ராக்ட். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று காண்டிராக்டரிடம் பேசி முடித்துவிட்டால் கணக்குப் பார்க்க அதிகம் இல்லை. இன்னொன்று டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்டவர்கள் பங்கு போட்டுக்கொள்வது. இந்தக் கட்டுரை இரண்டாவது வகைக்கு. புதிதாக மெஸ் செயலாளர் ஆன மாணவரும், முதல்முறையாக மெஸ் பொறுப்பைக் கையில் வாங்கிய துணை வார்டனும் முதல் மாத பில்லைப் போட்டு முடிக்கிற அளவுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

பெரும்பாலான புதியவர்கள் செய்வது இதுதான்: மாதத்தில் பணம் கொடுத்த எல்லா பில்லையும் கூட்டி, மாணவர் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி 30-ஆல் வகுப்பார்கள். இதில் வரும் தொகை அநேகமாகத் தவறாகவே இருக்கும். வாங்கிய சரக்கு வேறு, தீர்ந்த சரக்கு வேறு. விடுதியில் பெயர் இருப்பவர் வேறு, அன்று சாப்பிட்டவர் வேறு. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் மீதி வெறும் கூட்டல் கழித்தல்தான்.

ஒரு மாதிரிக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். விடுதியில் 120 பேர். மாதம் 30 நாள். சமையலறையில் 7 பேர் வேலை செய்கிறார்கள். கீழே வரும் விலைகள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் பில்லில் இருக்கும் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

முதலில் மெஸ் நாட்களை எண்ணுங்கள்

செலவைத் தொடும் முன்பே வகுக்கும் எண்ணைத் தயார் செய்துவிடுங்கள். ஒரு மாணவர் ஒரு நாள் சாப்பிட்டால் அது ஒரு மெஸ் நாள். 120 பேர் 30 நாளும் இருந்தால் 3,600. அதிலிருந்து ரிடக்‌ஷன் வாங்கியவர்களின் நாட்களைக் கழிக்க வேண்டும். நம் மாதிரி மாதத்தில் ஊருக்குப் போனவர்கள், இன்டர்ன்ஷிப் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து 240 நாள் ரிடக்‌ஷன் வாங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். மீதி 3,360 மெஸ் நாட்கள். இந்த ஒரு எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வேலைக்கு வரும்.

ரிடக்‌ஷனை வேளைக் கணக்கில் கொடுக்காதீர்கள். "காலையில் சாப்பிடவில்லை, இரவு வெளியே சாப்பிட்டேன்" என்பதையெல்லாம் கழிக்க ஆரம்பித்தால் யாராலும் கணக்கு வைக்க முடியாது. வழக்கமான விதி: தொடர்ந்து குறைந்தது 3 நாள் லீவு, போவதற்கு முதல் நாளே நோட்டில் கையெழுத்து. முதல் நாளே சொல்லச் சொல்வதற்குச் சமையலறையில் காரணம் இருக்கிறது. ஒருவர் சாயங்காலம் பையோடு வந்து, "அண்ணா, நாளையிலிருந்து எனக்கு வேண்டாம்" என்றால், மாஸ்டர் சொல்லும் பதில் இதுதான்: "தம்பி, நாளைக்கு இட்லிக்கு மத்தியானமே ஊறப் போட்டாச்சே!" அந்த ஊறிய அரிசி அவர் பங்கையும் சேர்த்து அளந்தது. சொல்லாமல் போனவரின் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. அதனால் நோட்டில் பதியாத லீவுக்கு ரிடக்‌ஷன் இல்லை என்று மாத முதல் நாளே அறிவிப்புப் பலகையில் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் சொன்னால் சண்டைதான் வரும்.

சமையலறை ஆட்கள் 7 பேரும் இதே மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார்கள். 7 பேர், 30 நாள், 210 நாட்கள். இந்த 210-ஐ பில் போடும்போது வகுக்கும் எண்ணில் சேர்க்கக் கூடாது. அவர்கள் பணம் கட்டப் போவதில்லை, அவர்கள் சாப்பாடும் மாணவர்கள் ஏற்கும் செலவுதான். சேர்த்து வகுத்தால் அந்த 210 பங்கு யாரிடமும் வசூலாகாமல் மெஸ் கணக்கில் துண்டு விழும். ஆனால் சரக்கு சரியாகச் செலவாகியிருக்கிறதா என்று சோதிக்கும்போது இந்த 210-ஐச் சேர்த்தாக வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

மளிகை: வாங்கியது அல்ல, தீர்ந்தது

மாதக் கடைசி நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டோர் ரூமைத் திறந்து இருப்பு எடுக்க வேண்டும். இதை மறுநாள் காலைக்குத் தள்ளாதீர்கள். காலை 5 மணிக்கே மாஸ்டர் ரவையும் எண்ணெயும் எடுத்திருப்பார். எடை மெஷின், ஒரு நோட்டு, மெஸ் ரெப் ஒருவர், ஸ்டோர் பார்ப்பவர் ஒருவர், அவ்வளவு போதும். பிரிக்காத மூட்டையை எண்ணுங்கள். பிரித்ததை எடை போடுங்கள். "அரை மூட்டை இருக்கும்" என்று கண்ணால் பார்த்து எழுதும் பழக்கத்தை முதல் மாதமே விட்டுவிட வேண்டும்.

மூட்டையை எண்ணும்போது அதன் மேல் அச்சடித்த எடையைப் பாருங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதன்பின் பல ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. ஒரே ஸ்டோர் ரூமில் 25 கிலோவும் 26 கிலோவும் கலந்து கிடக்கும். மூட்டைக் கணக்கை மட்டும் எழுதினால் 50 மூட்டையில் 50 கிலோ வித்தியாசம் வந்துவிடும். எண்ணெயிலும் இதே சிக்கல் உண்டு. சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம்தான். 15 கிலோ டின்னில் சுமார் 16 அரை லிட்டர் எண்ணெய் இருக்கும், 15 லிட்டர் டின்னில் 13.6 கிலோதான் இருக்கும். இரண்டு கடையில் டின் விலை கேட்டு ஒப்பிடும்போது எது கிலோ, எது லிட்டர் என்று கேட்காமல் மலிவு என்று முடிவு செய்யாதீர்கள்.

இருப்பை ரூபாயாக மாற்ற எந்த விலையைப் போடுவது? கடைசியாக வாங்கிய பில்லின் விலையைப் போடுங்கள். அன்றைய கடைவீதி விலையைத் தேடிப் போக வேண்டியதில்லை. எந்த முறையானாலும் மாதாமாதம் மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

அன்று மாலை கிரைண்டரில் அரைத்து வைத்த மாவு இருக்கிறதே, அது யார் கணக்கு? இட்லி மாவுக்கு 14 கிலோ அரிசியும் மூன்றரை கிலோ உளுந்தும் போயிருக்கும், மதிப்பு 1,200 ரூபாய் அளவு வரும். சாப்பிடப் போவது அடுத்த மாதம் முதல் தேதி என்பதால் அதை இருப்பில் சேர்ப்பதே சரி. சேர்க்காமல் விட்டாலும் பெரிய பிழை இல்லை, ஏனென்றால் போன மாதக் கடைசியிலும் அதே அளவு மாவு இருந்திருக்கும், இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் இந்த மாதம் சேர்த்து, போன மாதம் சேர்க்காமல் இருந்தால் கணக்கு இடிக்கும். விடுமுறைக்கு மெஸ் மூடும் மாதத்தில் மாவே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி மாதிரிக் கணக்கு. மாதத் தொடக்கத்தில் மளிகை இருப்பு ரூ.58,400. மாதத்தில் வாங்கியது ரூ.1,68,200. கடைசி இரவு இருப்பு ரூ.74,600. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் தீர்ந்த மளிகை ரூ.1,52,000.

பாலும் காய்கறியும் அன்றன்றைக்கு வந்து அன்றன்றைக்குத் தீர்வதால் இருப்பு பார்க்க வேண்டியதில்லை. பால், தயிர் ரூ.38,600. காய்கறி, தேங்காய், வாழைப்பழம் ரூ.41,400. இங்கே கவனிக்க வேண்டியது பில் தேதி. பால்காரர் மாத பில்லை அடுத்த மாதம் 4, 5 தேதியில்தான் கொடுப்பார், பணமும் அப்போதுதான் போகும். பணம் போன தேதியை வைத்து எழுதினால் முதல் மாதம் பாலே இல்லாத பில் வரும், அடுத்த மாதம் எல்லாரும் கேள்வி கேட்பார்கள். சரக்கு உள்ளே வந்த தேதிதான் கணக்கு, காசோலைத் தேதி அல்ல.

முட்டையும் கோழியும் ரூ.21,000 ஆகியிருக்கிறது. இதைப் பொதுச் செலவில் சேர்க்காதீர்கள். சைவம் சாப்பிடும் பிள்ளைகள் மேல் அது ஏறும். அசைவத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 84 பேர் என்றால் தலைக்கு 250 ரூபாய், அவர்கள் பில்லில் மட்டும் தனி வரியாகப் போடுங்கள்.

வருமானமும் கொஞ்சம் உண்டு. விருந்தினர் டோக்கன் 40, தலா 60 ரூபாய், ரூ.2,400. காலி சாக்கும் எண்ணெய் டின்னும் விற்றது ரூ.800. ஆக ரூ.3,200-ஐ சரக்குச் செலவில் கழிக்க வேண்டும். சாக்கு விற்ற காசு சின்னத் தொகைதான், ஆனால் அதை எழுதாத மெஸ்ஸில் அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

மொத்தச் சரக்கு: 1,52,000 + 38,600 + 41,400 − 3,200 = ரூ.2,28,800. மெஸ் நாள் 3,360-ஆல் வகுத்தால் நாளுக்கு ரூ.68.10.

கேஸ்

மெஸ்ஸுக்கு வருவது 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை மெஸ்ஸில் பயன்படுத்துவது சட்டப்படி தவறு, கணக்கிலும் அதைக் காட்ட முடியாது. மாதத் தொடக்கத்தில் நிறைந்த சிலிண்டர் 4 இருந்தது, 14 வாங்கினோம், கடைசியில் 5 மீதம். தீர்ந்தது 13. ஒன்று 1,900 ரூபாய் என்று வைத்தால் ரூ.24,700. வணிக சிலிண்டர் விலை பெரும்பாலும் மாத முதல் தேதியில் மாறுகிறது, அதனால் போன மாத விலையை அப்படியே எழுதாமல் பில்லைப் பாருங்கள். புதிதாகக் கூடுதல் சிலிண்டர் எடுக்கும்போது கட்டிய டெபாசிட் செலவு அல்ல, திரும்பி வரும் பணம். அதை அந்த மாதப் பில்லில் ஏற்றுவது தவறு.

அடுப்பில் மாட்டியிருக்கும் அரைகுறை சிலிண்டரையும் சேர்க்க விரும்பினால் எடை போடுங்கள். சிலிண்டரின் மேல் வளையத்தில் காலி எடை பொறித்திருக்கும். மொத்த எடையில் அதைக் கழித்தால் உள்ளே எவ்வளவு கேஸ் என்று தெரிந்துவிடும். டெலிவரி எடுக்கும்போதும் இதே சோதனையைச் செய்யலாம்: பொறித்த எடையோடு 19-ஐக் கூட்டினால் வருவதுதான் தராசில் காட்ட வேண்டும். டெலிவரி ஆள் முன்னால் வைத்தே எடை போட்டால்தான் குறைவைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

கிரைண்டர், மிக்ஸி, ஃப்ரிட்ஜுக்கு சமையலறையில் தனி மீட்டர் இருந்தால் அந்த மின்கட்டணத்தையும் எரிபொருளோடு சேருங்கள். நம் கணக்கில் ரூ.1,700. ஆக எரிபொருள் ரூ.26,400. நாளுக்கு ரூ.7.86.

சம்பளம்

தலைமை மாஸ்டர் ரூ.24,000. உதவி மாஸ்டர் இருவர், தலா ரூ.17,000. காய் நறுக்க, பரிமாற, பாத்திரம் தேய்க்க நான்கு பேர், தலா ரூ.13,000. கூட்டினால் ரூ.1,10,000.

பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கும் நிறுவனமாக இருந்தால் முதலாளி பங்கும் மெஸ் செலவுதான். பிஎஃப்பில் நிர்வாகக் கட்டணம் சேர்த்து 13 சதவீதம், 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு. இஎஸ்ஐ 3.25 சதவீதம், 21,000 ரூபாய்க்குள் வாங்குபவர்களுக்கு. நம் ஏழு பேருக்கு இரண்டும் சேர்ந்து ரூ.15,405 வருகிறது. தீபாவளி போனஸாக ஒரு மாதச் சம்பளம் தருவதாக இருந்தால் அதை அந்த ஒரு மாதத்தில் ஏற்றக் கூடாது. 12-ஆல் வகுத்து மாதாமாதம் ரூ.9,167 ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஆண்டு முழுக்க அவர்கள் சமைத்ததற்கான போனஸை அந்த மாதம் விடுதியில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் கட்டுவார்கள். மார்ச்சில் படிப்பு முடித்துப் போனவர் ஒரு பைசாவும் கொடுத்திருக்க மாட்டார்.

சோப்பு, துடைப்பம், கிரைண்டர் ரிப்பேர், சந்தையிலிருந்து சரக்கு ஏற்றிவந்த வண்டி வாடகை என்று சில்லறைச் செலவு ரூ.5,428. வார விடுப்பில் மாற்று ஆள் வந்தால் அந்தக் கூலியும் இதில் வரும். எல்லாம் சேர்த்து ரூ.1,40,000.

பங்கு போடும் இடம்

இப்போது மூன்றையும் கூட்டுங்கள். 2,28,800 + 26,400 + 1,40,000 = ரூ.3,95,200. இதை 3,360-ஆல் வகுத்தால் ஒரு மாணவருக்கு ஒரு நாள் ரூ.117.62. பல விடுதிகளில் இந்த ஒரே எண்ணை எடுத்து, அவரவர் சாப்பிட்ட நாளால் பெருக்கி பில் போட்டுவிடுகிறார்கள்.

எனக்கு அந்த முறையில் உடன்பாடு இல்லை. காரணம், இந்த மூன்று செலவும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒருவர் ஊருக்குப் போனால் அவர் அரிசி மிச்சம், பருப்பு மிச்சம். கேஸ் கொஞ்சம் மிச்சம். மாஸ்டரின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. 120 பேர் இருந்தாலும் 60 பேர் இருந்தாலும் அதே ஏழு பேருக்கு அதே சம்பளம்தான். ஆனால் ஒற்றை விகிதத்தில் ரிடக்‌ஷன் கொடுக்கும்போது, போனவரின் சம்பளப் பங்கையும் சேர்த்துக் கழிக்கிறோம். அந்தப் பங்கு விடுதியிலேயே தங்கியவர்கள் தலையில் விழுகிறது. அடிக்கடி ஊருக்குப் போக முடியாமல் தங்கிவிடுபவர்கள் பெரும்பாலும் தூரத்து ஊர்ப் பிள்ளைகள், பஸ் செலவுக்கு யோசிப்பவர்கள். அவர்கள் மேல் அதை ஏற்றுவது நியாயமில்லை.

அதனால் இரண்டாகப் பிரியுங்கள். சம்பளமும் சில்லறைச் செலவும் நிலையான பங்கு. அதை விடுதியில் பெயர் உள்ள 120 பேருக்கும் சமமாகப் போடுங்கள்: 1,40,000-ஐ 120-ஆல் வகுத்தால் தலைக்கு மாதம் ரூ.1,166.67. சரக்கும் எரிபொருளும் சேர்ந்த ரூ.2,55,200-ஐ மெஸ் நாட்களால் வகுங்கள்: நாளுக்கு ரூ.75.95.

30 நாளும் சாப்பிட்டவருக்கு ஒற்றை விகிதத்தில் ரூ.3,528.57 வரும். பிரித்துப் போட்டால் ரூ.3,445.24, அதாவது சுமார் 83 ரூபாய் குறைவு. 20 நாள் மட்டும் சாப்பிட்டவருக்கு ஒற்றை விகிதத்தில் ரூ.2,352.38. பிரித்துப் போட்டால் ரூ.2,685.71. அவருக்கு 333 ரூபாய் கூடும். கேட்டால் விளக்கிச் சொல்லலாம்: பத்து நாள் சாப்பாட்டுக்கான சரக்கும் கேஸும் முழுதாகக் கழிந்திருக்கிறது, சமையல்காரர் சம்பளம் மட்டும் கழியவில்லை.

இந்தப் பிரிப்பின் இன்னொரு பயன் விடுமுறை மாதத்தில் தெரியும். தீபாவளிக்கு மெஸ் பத்து நாள் மூடி, மொத்த மெஸ் நாள் 2,200-ஆகக் குறைந்தது என்று வையுங்கள். சம்பளம் அதே 1,40,000. ஒற்றை விகிதத்தில் சம்பளப் பங்கு மட்டும் நாளுக்கு ரூ.41.67-லிருந்து ரூ.63.64-க்கு ஏறும். சமையலறையில் ஒரு பிடி அரிசிகூட வீணாகாமலே நாள் விகிதம் 20 ரூபாய்க்கு மேல் கூடியிருக்கும். பலகையில் அதைப் பார்த்த உடனே "மெஸ்ஸில் திருட்டு" என்று பேச்சு கிளம்பும். நிலையான பங்கு தனியாக இருந்தால் மீதி விகிதம் ஏறத்தாழ 76 ரூபாயிலேயே நிற்கும், உண்மையிலேயே விரயம் நடந்தால் அதில் மட்டும் தெரியும்.

செல்போனிலோ கணினியிலோ ஒரு ஷீட் போட்டு வைத்துக்கொண்டால் மாதாமாதம் எண்களை மாற்றினால் போதும். B2-விலிருந்து வரிசையாகத் தொடக்க இருப்பு, மளிகை வாங்கியது, கடைசி இருப்பு, பால், காய்கறி, வருமானம், எரிபொருள், நிலையான செலவு, மெஸ் நாட்கள், மாணவர் எண்ணிக்கை என்று B11 வரை நிரப்புங்கள். முதல் வரி நாள் விகிதம், இரண்டாவது நிலையான பங்கு:

```
=(B2+B3-B4+B5+B6-B7+B8)/B10
=B9/B11
```

கணக்கு சரியா என்று கிராமில் பாருங்கள்

ரூபாயை மட்டும் பார்த்தால் விலை ஏறியதா, சரக்கு அதிகம் போனதா என்று பிரிக்க முடியாது. கிராமில் பார்த்தால் உடனே தெரியும். எல்லாச் சரக்கையும் பார்க்க வேண்டியதில்லை. அரிசி, எண்ணெய், கேஸ் இந்த மூன்று போதும்.

அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 310 கிலோ, வாங்கியது 26 கிலோ மூட்டை 50, அதாவது 1,300 கிலோ, கடைசியில் 432 கிலோ. தீர்ந்தது 1,178 கிலோ. இங்கேதான் சமையலறை ஆட்களின் 210 நாளைச் சேர்க்க வேண்டும்: 3,360 + 210 = 3,570. வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாள் 330 கிராம். மதியச் சாதத்துக்கு 150 கிராம், மீதி இட்லி தோசை மாவுக்கும் இரவு கலந்த சாதத்துக்கும் என்று மெனுவோடு வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. அடுத்த மாதம் இதே மெனுவில் 400 கிராம் வந்தால் 250 கிலோ, கிட்டத்தட்ட பத்து மூட்டை கூடுதலாகப் போயிருக்கிறது என்று பொருள். கிலோ 55 ரூபாய் என்றால் 13,750 ரூபாய்.

அப்படி வந்தால் உடனே யாரையும் சந்தேகப்படாதீர்கள். முதலில் இருப்புத் தாளைச் சரிபாருங்கள், பாதி நேரம் பிழை அங்கேதான் இருக்கும். ஒரு வரிசை மூட்டையை எண்ணாமல் விட்டிருப்பார்கள், அல்லது வந்து இறங்காத சரக்குக்கு பில் ஏறியிருக்கும். அப்புறம் மதியச் சாப்பாடு முடிந்ததும் மிஞ்சிய சாதத்தை ஒரு வாரம் எடை போடுங்கள். ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ சாதம் ஆகும். தினமும் 20 கிலோ சாதம் கொட்டப்படுகிறது என்றால் 7, 8 கிலோ அரிசி உலையில் கூடுதலாக விழுகிறது. பெரும்பாலும் காரணம், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனவர்களின் எண்ணிக்கை மாஸ்டருக்குப் போய்ச் சேராததுதான். ரிடக்‌ஷன் நோட்டின் அன்றைய கூட்டலைத் தினமும் மத்தியானம் அரிசி ஊறப்போடும் முன் ஒரு சீட்டில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டினால் இது தானாகக் குறையும். இரண்டிலும் விடை கிடைக்காவிட்டால்தான் ஸ்டோர் ரூம் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கேஸ்: 13 சிலிண்டர், 247 கிலோ. 3,570-ஆல் வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாள் 69 கிராம். இது ஏறினால் அடுப்பைப் பாருங்கள். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் அடைத்திருக்கிறது, கேஸ் முழுதாக எரியவில்லை. ட்யூப் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். வாரத்தில் எத்தனை இரவு தோசை, சப்பாத்தி என்பதும் முக்கியம். கல்லில் ஒவ்வொன்றாகப் போடும் இரவில் அடுப்பு மூன்று மணி நேரம் அணையாது. உப்புமாவோ எலுமிச்சை சாதமோ அரை மணியில் முடிந்துவிடும். கேஸ் கூடியிருந்தால் முதலில் அந்த மாத மெனுவை எடுத்து வைத்துப் பாருங்கள்.

அடுத்த மாத முன்பணம்

மாதத் தொடக்கத்தில் வசூலிக்கும் மெஸ் அட்வான்ஸை நாள் விகிதம், நிலையான பங்கு என்ற இரண்டு எண்ணிலிருந்தே போடலாம். அடுத்த மாதம் சராசரியாக 28 நாள் சாப்பிடுவார்கள் என்றால் 75.95 × 28, அதாவது ரூ.2,126.60. நிலையான பங்கு ரூ.1,166.67. மொத்தம் ரூ.3,293. விலையேற்றத்துக்குச் சற்று இடம் விட்டு ரூ.3,400 என்று அறிவிக்கலாம். எவ்வளவு இடம் விடுவது என்பதையும் கிராமிலிருந்தே கணிக்கலாம். அரிசி கிலோவுக்கு 3 ரூபாய் ஏறினால் நம் மெஸ்ஸில் நாள் விகிதம் ஏறத்தாழ 1 ரூபாய் ஏறும். தக்காளி ஏறினால் எவ்வளவு, எண்ணெய் ஏறினால் எவ்வளவு என்று இதே மாதிரி போட்டுப் பார்த்துவிட்டால், விலை ஏறும் வாரத்தில் மெனுவில் எதைக் குறைப்பது என்று மாஸ்டரோடு உட்கார்ந்து பேச எண் கையில் இருக்கும்.

விகிதத்தை வேறு மெஸ்ஸோடு ஒப்பிடும்போது எது எது உள்ளே இருக்கிறது என்று கேளுங்கள். தமிழ்நாட்டு அரசு நல விடுதிகளில் கல்லூரி மாணவர்களுக்கான மாத உணவுப்படியை 2023-ல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். "அங்கே 1,500-ல் நடக்கிறது, இங்கே ஏன் 3,400?" என்று ஒரு மாணவரோ பெற்றோரோ கேட்கக்கூடும். அந்த 1,500-ல் சமையலர் சம்பளம் கிடையாது, அது அரசு தனியாகக் கொடுப்பது. நம் விகிதத்திலோ சம்பளம் மட்டுமே ஆயிரத்தைத் தாண்டுகிறது.

பில்லை ஒட்டும்போது ஆளுக்கு எவ்வளவு என்ற பட்டியலோடு, தொடக்க இருப்பு, வாங்கியது, கடைசி இருப்பு, கேஸ், சம்பளம், மெஸ் நாட்கள் ஆகியவற்றையும் அதே தாளில் போடுங்கள். இருப்புத் தாளின் நகலை மெஸ் ரெப்பிடம் கொடுத்துவையுங்கள். பைசாவை ரூபாயாகச் சரிசெய்ததில் கூடவோ குறையவோ வரும் தொகையை அடுத்த மாத வருமானக் கணக்கில் கொண்டுபோய்ச் சேருங்கள். ஆட்சேபம் இருந்தால் மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று தாளின் அடியில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுவிடுங்கள்.